பதிப்பாசிரியர் கேட்ட மூன்று விளக்கங்கள்: கருவியின் உதவியை எவ்வளவு, எங்கே, எப்படிச் சொல்வது?

வரைவுக்காரன்

வணக்கம். இரவுப்பணிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நானும் இரண்டு இணையாசிரியர்களும் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை ஏழு வாரங்களுக்கு முன் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தோம். மதிப்பாய்வாளர்களிடம் போவதற்கு முன்பே, நேற்று பதிப்பாசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. தொடர்பு ஆசிரியர் நான் என்பதால் பத்து நாள்களுக்குள் நான்தான் பதில் எழுத வேண்டும்.

கடிதத்தில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. மூன்று விளக்கங்கள் கேட்டிருக்கிறார். முதலாவது, கட்டுரையை எழுதுவதிலோ பகுப்பாய்விலோ படங்களிலோ செயற்கை நுண்ணறிவுக் கருவி எதையேனும் பயன்படுத்தினோமா, பயன்படுத்தியிருந்தால் எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்தப் பகுதியில், எதற்காக என்பது. அனுப்பும் படிவத்தில் அதற்கான கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். இரண்டாவது, மேற்கோள் 17-இன் டிஓஐ எண் வேறொரு கட்டுரைக்குப் போகிறது, மேற்கோள் 31-இன் தலைப்பு அந்த இதழின் அந்தத் தொகுதியிலேயே இல்லை என்பது. மூன்றாவது, முதல் அட்டவணையில் 212 பேரும் இரண்டாம் அட்டவணையில் 187 பேரும் இருப்பதற்குக் காரணம் எங்கும் சொல்லப்படவில்லை, ஆகவே பகுப்பாய்வு நிரலை யார் எப்படி எழுதினார்கள் என்று விளக்க வேண்டும் என்பது.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். முன்னுரையையும் கலந்துரையாடல் பகுதியையும் நானே எழுதிவிட்டு, நடை சீராக வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பத்தியாக ஓர் உரையாடல் கருவியிடம் கொடுத்தேன். அந்த இரண்டு மேற்கோள்களும் அது எடுத்துக் கொடுத்தவை. தலைப்பு பொருத்தமாக இருந்ததால் நம்பிச் சேர்த்துவிட்டேன். நிரலை எழுதியவர் இரண்டாம் ஆசிரியர். அவரும் "கொஞ்சம் உதவி எடுத்துக்கொண்டேன்" என்கிறார். "மொழிநடைக்காக மட்டும் ஒரு கருவி பயன்படுத்தப்பட்டது" என்று ஒரே வரியில் பதில் எழுதினால் போதுமா?

நேர்கோடு

மொழித் திருத்தத்தை வெளிப்படுத்த வேண்டிய கட்டாயமே கிடையாது என்பது என் கருத்து. பெரிய பதிப்பகங்களின் விதிகளைப் படித்துப் பாருங்கள். எல்சேவியர் எழுத்துப்பிழை, இலக்கணப் பிழை, நிறுத்தற்குறி ஆகியவற்றைச் சரிபார்ப்பதை அறிவிக்கக் கேட்பதில்லை. ஸ்பிரிங்கர் நேச்சரும் நடைத் திருத்தத்துக்கு விலக்கு அளிக்கிறது. எனவே முதல் கேள்விக்கு அந்த ஒரு வரியே அதிகம். மேற்கோள்களைத் திருத்திவிடுங்கள். கூடவே, இயந்திரம் எழுதியதைக் கண்டறியும் கருவி ஒன்றில் கட்டுரையைப் போட்டு, குறைந்த விழுக்காடு வந்தால் அந்த அறிக்கையைப் பதிலோடு இணைத்துவிடுங்கள், கேள்வி அத்தோடு முடிந்துவிடும்.

புதுமாணவி

எனக்கு ஓர் ஐயம். கருவி இவ்வளவு வேலை செய்திருந்தால் அதன் பெயரையும் ஆசிரியர் பட்டியலில் சேர்க்கச் சொல்லித்தான் பதிப்பாசிரியர் கேட்கிறாரா? 2023-இன் தொடக்கத்தில் சில கட்டுரைகளில் சாட்ஜிபிடியின் பெயர் ஆசிரியராக வந்ததாகப் படித்தேன்.

பச்சைமை

ஓர் ஆய்விதழில் ஆறு ஆண்டுகளாக இணைப்பதிப்பாசிரியராக இருக்கிறேன். இத்தகைய கடிதங்களை எழுதியும் இருக்கிறேன், அவற்றுக்கு வந்த பதில்களைப் படித்தும் இருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் புதுமாணவிக்கு: இல்லை அம்மா, அவர் கேட்பது அதற்கு நேர்மாறானது. நீங்கள் படித்தது உண்மைதான். அந்த நிகழ்வுகளுக்குப் பிறகே வெளியீட்டு நெறிமுறைக் குழுவான கோப், கருவி ஆசிரியராக முடியாது என்று 2023 பிப்ரவரியில் அறிவித்தது. கட்டுரையில் உள்ளதற்குப் பொறுப்பேற்கக் கருவியால் முடியாது என்பதே அதற்குச் சொன்ன காரணம். அந்தப் பொறுப்பு முழுவதும் மனித ஆசிரியர்கள் மேல் வருவதால்தான், கருவி எங்கே நுழைந்தது என்பதைப் பதிப்பாசிரியர் தெரிந்துகொள்ள விரும்புகிறார்.

நேர்கோடு சொன்ன விலக்கு இருப்பது சரி, ஆனால் அது இங்கே பொருந்தாது. பிழை பார்ப்பதற்கும், பத்தியைக் கொடுத்து மறுபடி எழுதி வாங்குவதற்கும் இடையே இந்த விதிகள் கோடு போடுகின்றன. வரைவுக்காரன் செய்தது இரண்டாவது. போதாததற்கு மேற்கோள்களும் நிரலும் மொழிநடையைச் சேர்ந்தவையே அல்ல. "மொழிநடைக்காக மட்டும்" என்று எழுதினால், அந்த "மட்டும்" என்ற சொல் பொய்யாகிவிடும். காலியாக விட்ட கட்டத்தைக் கவனக்குறைவு என்று ஏற்றுக்கொள்ளலாம். நேராகக் கேட்ட பிறகு கொடுத்த பதிலில் உண்மைக்கு மாறானது இருந்தால் அதை வேறு விதமாகத்தான் பார்ப்போம். நான் இருந்த இதழில் ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம் கருவியைப் பயன்படுத்தியது அல்ல, விளக்கக் கடிதத்தில் அதை மறுத்தது.

கடிதத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். முதல் கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்திருக்கிறார். இரண்டாவதும் மூன்றாவதும்தான் அவரை எழுத வைத்தவை. இல்லாத மேற்கோளும் பொருந்தாத எண்ணிக்கையும் அவர் கண்ணால் கண்டவை. அவற்றுக்குக் காரணம் என்ன என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அதனால் உங்கள் பதிலைக் கருவியைச் சுற்றி எழுதாமல் வேலையைச் சுற்றி எழுதுங்கள்: எந்தப் பகுதி, அதில் யார் என்ன செய்தார், கருவி என்ன கொடுத்தது, பிறகு அதை யார் எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். மருத்துவ ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2023 மே மாதம் சேர்த்த பரிந்துரையும் இப்படித்தான் பிரிக்கிறது. எழுத்துக்கு உதவி என்றால் நன்றியுரையில், தரவு அல்லது பகுப்பாய்வு அல்லது படம் என்றால் ஆய்வுமுறைப் பகுதியில், இரண்டும் முகப்புக் கடிதத்தில்.

பதில் எழுத உட்காரும் முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பழைய வரைவையும் கருவி திருத்திய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கலந்துரையாடல் பகுதியை வாக்கியம் வாக்கியமாகப் படியுங்கள். பொருள் எங்கேயாவது நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நடையை மட்டுமே திருத்தச் சொன்ன இடங்களில்தான் இது அதிகம் நடக்கிறது, ஏனெனில் தயக்கத்தைக் காட்டும் சொற்கள் கருவிக்கு நடைக்குறையாகத் தெரிகின்றன.

ஓலைச்சுவடி

கண்டறியும் கருவியின் அறிக்கையை இணைக்கச் சொன்ன யோசனையைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். நான் மொழியியல் துறை. சென்ற ஆண்டு நான் எந்தக் கருவியையும் தொடாமல் எழுதிய கட்டுரைக்கு, கண்டறியும் கருவி பெரும்பகுதி இயந்திரம் எழுதியது என்று சொல்வதாக ஓர் ஆய்விதழிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தைப் பள்ளியில் இரண்டாம் மொழியாகக் கற்றவள் நான். எளிய சொற்களையும் பழகிய வாக்கிய அமைப்புகளையும் கொண்டு கவனமாக எழுதுவதுதான் எனக்குப் பாதுகாப்பு. அந்தக் கவனமே எனக்கு எதிரான சான்றாக வந்து நின்றபோது இரண்டு இரவுகள் தூங்கவில்லை.

2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளில் இட்டுப் பார்த்திருந்தார்கள். சராசரியாக 61 விழுக்காட்டை இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகக் குறித்தன. அதே ஆண்டு ஜூலையில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் சொந்தக் கண்டறியும் கருவியைத் துல்லியக் குறைவைக் காரணம் காட்டி விலக்கிக்கொண்டது. கூடுதல் விழுக்காடு குற்றத்தைக் காட்டாது என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கும்போது, குறைந்த விழுக்காட்டை நாமே நற்சான்றாக நீட்டினால் என்னைப் போன்றவர்களின் காலடி மண்ணை நாமே பறிப்பதாக ஆகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எனக்கு உதவியது வரைவுகளின் வரலாறு. கோப்பு ஐந்து மாதங்களில் எப்படி வளர்ந்தது என்பதைத் தேதியோடு அனுப்பினேன். பதிப்பாசிரியர் ஏற்றுக்கொண்டார்; ஆனால் வருத்தம் தெரிவிக்கவில்லை.

பச்சைமை

ஓலைச்சுவடி அம்மா, உங்களுக்கு நேர்ந்தது தவறு. விழுக்காட்டை மட்டும் வைத்து அப்படி ஒரு கடிதம் அனுப்புவதை எங்கள் இதழில் நாங்கள் அனுமதிப்பதில்லை, ஆனால் எல்லா இதழ்களிலும் அந்தத் தடை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கட்டுரையிலேயே கண்ணுக்குத் தெரியும் ஏதாவது ஒன்று இருந்தால்தான் கேட்க வேண்டும். 2024-இல் ஒரு கட்டுரையின் முன்னுரை, "நிச்சயமாக, உங்கள் தலைப்புக்கு ஏற்ற முன்னுரை இதோ" என்ற பொருளில் தொடங்கியபடியே அச்சாகிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் விழுக்காடு எதற்கு? வரைவுக்காரனின் கட்டுரையில் அந்த வேலையை டிஓஐ எண் செய்திருக்கிறது.

எண்ணும்எழுத்தும்

நான் புள்ளியியலாளர். எனக்கு மூன்றாம் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. 212 எப்படி 187 ஆனது என்பதைக் கண்டுபிடிக்காமல் கருவியைப் பற்றி எதை எழுதினாலும் அந்தப் பதில் நிற்காது. நிரலில் தரவைப் படித்த உடனே கீழே உள்ளது போன்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். கருவிகள் எழுதித் தரும் ஆர் மொழி நிரல்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

```r
d <- na.omit(d)
```

பார்வைக்கு இது தூய்மைப்படுத்தும் வரி. ஆனால் தரவில் எந்தக் குத்து வரிசையில் வெற்றிடம் இருந்தாலும் அந்த ஆளையே இது நீக்கிவிடும். பகுப்பாய்வில் பயன்படாத கேள்விக்குப் பதில் சொல்லாதவரும் போய்விடுவார். பிழைச்செய்தி எதுவும் வராது, முடிவுகளும் ஒழுங்காக அச்சாகும். எண்ணிக்கை குறைந்தது மட்டுமே அடையாளம்.

வரைவுக்காரன்

மூன்று நாள்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

எண்ணும்எழுத்தும் சொன்ன வரி அப்படியே இருந்தது. எங்கள் வினாநிரலில் குடும்ப வருமானத்தைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது, அதை நாங்கள் பகுப்பாய்வில் சேர்க்கவே இல்லை. நீக்கப்பட்ட 25 பேரில் 19 பேர் அந்தக் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லாதவர்கள். 6 பேருக்குத்தான் உண்மையிலேயே இரத்த அழுத்த அளவு இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, வேண்டிய மாறிகளை மட்டும் பார்க்கும்படி இப்படி மாற்றியிருக்கிறோம்.

```r
keep <- c("sbp", "shift", "age")
d <- d[complete.cases(d[, keep]), ]
```

இப்போது 206 பேர். மதிப்பீடு சற்றுக் குறைந்தது, திசை மாறவில்லை, நம்பக இடைவெளி சிறிது குறுகியது. கருவி அந்த வரியை எழுதியது என்பதைவிட, அதை நாங்கள் மூவரும் படிக்கவில்லை என்பதே எனக்கு வலிக்கிறது.

மேற்கோள் 17-க்கு அருகில் வரும் தலைப்புள்ள உண்மையான கட்டுரை ஒன்று கிடைத்தது. முழுதும் படித்தேன். அது முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை மட்டும் ஆராய்ந்தது. நான் அதை வைத்து எல்லா வயதினரையும் பற்றிச் சொல்லியிருந்தேன். வாக்கியத்தைச் சுருக்கி, சரியான மேற்கோளை இட்டுவிட்டேன். மேற்கோள் 31 எங்குமே இல்லை. அது தாங்கியிருந்த வாக்கியத்தையும் சேர்த்து நீக்கிவிட்டேன்.

வரைவுகளை ஒப்பிட்டபோதுதான் உண்மையில் திடுக்கிட்டேன். "இரவுப்பணி செய்தவர்களிடம் இரத்த அழுத்தம் கூடுதலாகக் காணப்பட்டது, இதற்குப் பிற காரணங்களும் இருக்கக்கூடும்" என்ற பொருளில் நான் எழுதியிருந்தது, "இரவுப்பணி இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது" என்ற பொருளுக்கு வந்திருக்கிறது. எங்கள் ஆய்வு ஒரே ஒருமுறை அளந்து பார்த்தது. எது முதலில் வந்தது என்று அதனால் சொல்லவே முடியாது. இப்படி நான்கு வாக்கியங்கள். நான்கையும் திருத்தப்பட்ட பிறகு நானே படித்து, நன்றாக இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

எண்ணும்எழுத்தும்

206 சரியாகத் தெரிகிறது. இரண்டு அட்டவணைகளின் அடியிலும் எத்தனை பேர் ஏன் விடுபட்டார்கள் என்று எழுதிவிடுங்கள். இன்னொன்றையும் இணையாசிரியரிடம் கேளுங்கள்: நிரல் எழுதித் தரும்படி கேட்டபோது மாறிகளின் பெயர்களை மட்டும் கொடுத்தாரா, அல்லது பங்கேற்றவர்களின் தரவையே கருவியில் ஒட்டினாரா? இரண்டாவது என்றால் அது பதிப்பாசிரியரோடு முடிகிற செய்தி அல்ல; பங்கேற்றவர்களிடம் வாங்கிய ஒப்புதலில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பார்த்து, நெறிமுறைக் குழுவிடமும் சொல்ல வேண்டியிருக்கும்.

நேர்கோடு

என் யோசனையின் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மேற்கோளும் நிரலும் மொழித் திருத்தத்தில் அடங்காது என்பதைச் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இவ்வளவையும் ஒளிவில்லாமல் எழுதினால் பதிப்பாசிரியர் கட்டுரையை நிராகரிக்க மாட்டார் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? இதைவிட அதிகமாகப் பயன்படுத்திவிட்டு வாய் திறக்காதவர்களின் கட்டுரைகள் அச்சாகின்றன. உண்மை சொன்னவருக்கு மட்டும் இழப்பு என்றால் அந்த முறை நியாயமா?

பச்சைமை

உறுதி சொல்ல முடியாது, நேர்கோடு. நான் இத்தகைய பதில்களுக்குப் பிறகு கட்டுரையை மதிப்பாய்வுக்கு அனுப்பியிருக்கிறேன். இல்லாத மேற்கோள் ஒன்று இருந்தாலே திருப்பி அனுப்பிவிடும் பதிப்பாசிரியர்களையும் அறிவேன். இதழ்களும் ஒரே நிலையில் நிற்பதில்லை. சயின்ஸ் இதழ் 2023 ஜனவரியில் கருவி எழுதிய உரையை முற்றிலும் தடை செய்து, அதே ஆண்டு நவம்பரில் வெளிப்படுத்தினால் ஏற்கலாம் என்று மாற்றிக்கொண்டது. அப்போது கருவியின் பதிப்பையும் அதற்குக் கொடுத்த முழு உள்ளீட்டையும் கேட்டது. வெளிப்படுத்தியவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை இதழ்கள் வெளியில் சொல்வதில்லை. அது சரியல்ல என்றுதான் நானும் நினைக்கிறேன்.

வரைவுக்காரன், உரையாடல் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். உள்ளீடுகளைக் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும்.

வரைவுக்காரன்

பதிவுகள் இருக்கின்றன. பதிலின் நடுப்பகுதியை இங்கே தமிழில் தருகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

"அனுப்பும் படிவத்தில் கருவிப் பயன்பாட்டைக் குறிப்பிடாமல் விட்டது எங்கள் தவறு. முன்னுரையும் கலந்துரையாடல் பகுதியும் முதலாசிரியரால் எழுதப்பட்டு, பின்னர் ஓர் உரையாடல் கருவியால் பத்தி பத்தியாக மறுபடி எழுதப்பட்டன. கருவியின் பெயர், பதிப்பு, பயன்படுத்திய நாள்கள் இணைப்பில் உள்ளன. மேற்கோள்கள் 17, 31 ஆகியவற்றைக் கருவி தந்தது. மூலக் கட்டுரைகளைப் படிக்காமல் அவற்றைச் சேர்த்தோம். முழு மேற்கோள் பட்டியலையும் இப்போது மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டோம்; முதலாவதை மாற்றினோம், இரண்டாவதை நீக்கினோம். கருவி திருத்தியதால் கலந்துரையாடல் பகுதியின் நான்கு வாக்கியங்கள் தொடர்பைக் காரணமாகச் சொல்லிவிட்டன. அவற்றை முதல் வரைவின் பொருளுக்கே மீட்டிருக்கிறோம். பகுப்பாய்வு நிரலின் முதல் வடிவம் கருவியின் உதவியோடு எழுதப்பட்டது. விடுபட்ட தரவைக் கையாண்ட ஒரு வரியால் 19 பேர் தேவையின்றி நீக்கப்பட்டிருந்தனர். திருத்திய நிரலையும் 206 பேருக்கான அட்டவணைகளையும் இணைத்துள்ளோம். படங்களில் கருவி எதையும் பயன்படுத்தவில்லை."

ஓலைச்சுவடி

நேர்மையாக இருக்கிறது. ஒரு சொல் மட்டும்: "கருவி திருத்தியதால்" நான்கு வாக்கியங்கள் மாறின என்பது பழியைக் கருவி மேல் போடுவது போல ஒலிக்கிறது. நீங்களே படித்து ஏற்றுக்கொண்டதாக மேலே எழுதியிருக்கிறீர்கள். அதையும் சேர்த்துவிடுங்கள்.

பச்சைமை

நானும் அதையே சொல்ல வந்தேன். "கருவி மாற்றிய நான்கு வாக்கியங்களை நாங்கள் கவனிக்காமல் ஏற்றுக்கொண்டோம்" என்று எழுதுங்கள். கடைசி வாக்கியத்தை இணையாசிரியர் இருவரிடமும் எழுத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகே அனுப்புங்கள். படங்களை வரைந்தது நீங்களா?

வரைவுக்காரன்

இல்லை, மூன்றாம் ஆசிரியர். கேட்காமலே எழுதிவிட்டேன். இன்று இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்: படங்கள் எப்படி வரையப்பட்டன, கருவியில் ஒட்டப்பட்டது மாறிகளின் பெயர்களா தரவா என்ற இரண்டு கேள்விகளுடன். மூன்றாம் ஆசிரியர் உடனே பதில் எழுதிவிட்டார், படங்கள் அனைத்தும் நிரலிலிருந்து நேரடியாக வந்தவை. நிரல் எழுதியவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. கெடுவுக்கு ஐந்து நாள்கள் இருக்கின்றன. அவர் பதில் வராமல் கடிதத்தை அனுப்பப் போவதில்லை, தேவைப்பட்டால் பதிப்பாசிரியரிடம் கூடுதல் நாள்கள் கேட்பேன்.